விண்ணப்பத்துக்கு முந்தைய 150 மணி நேரம்

(ஜப்பானில் மொழிப் பள்ளியில் சேர விரும்பும் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொழிப் பள்ளிக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் அலைகிறார்கள். பாஸ்போர்ட், மதிப்பெண் பட்டியல், அப்பாவின் வருமானச் சான்று, வங்கி இருப்புச் சான்று என்று இரண்டு மாதம் ஓடுகிறது. கோப்பில் இன்னும் இரண்டு இடங்கள் காலியாக இருக்கும். ஒன்று, நீங்கள் ஏன் ஜப்பானுக்குப் போய் அந்த மொழியைப் படிக்க வேண்டும் என்று எழுதும் காரணக் கடிதம். அங்கே அதை ஷுகாகு ரியூஷோ என்பார்கள். இன்னொன்று, இதுவரை என்ன படித்திருக்கிறீர்கள் என்ற விவரம். இவை இரண்டையும் கடைசி நாள் ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறோம், அல்லது ஏஜென்ட்டையே எழுதித் தரச் சொல்கிறோம். இன்று நான் பேசப்போவது இந்த இரண்டு தாள்களைப் பற்றி மட்டும்தான். வங்கிக் கணக்கு பற்றிக் கேட்க வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில், இவற்றை யார் படிக்கிறார்கள் என்று பார்ப்போம். விண்ணப்பம் பள்ளிக்குப் போகிறது. பள்ளி உங்களைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் சார்பில் அதுவே ஜப்பானின் குடிவரவு அலுவலகத்தில் தகுதிச் சான்றிதழ் கேட்டு மனுப்போடும். சி.ஓ.இ. என்று நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்களே, அதுதான். அது வந்தால்தான் இங்குள்ள தூதரகத்தில் மாணவர் விசா கேட்க முடியும். ஆக, உங்கள் கடிதத்தை முதலில் ஓர் ஆசிரியர் படிக்கிறார், அடுத்து ஓர் அதிகாரி படிக்கிறார். ஆசிரியருக்கு, இந்தப் பையன் வகுப்பில் நிற்பானா என்று தெரிய வேண்டும். அதிகாரிக்கு, இவன் படிக்கத்தான் வருகிறானா, சொல்லும் கதையும் சேர்த்திருக்கும் தாள்களும் ஒத்துப்போகின்றனவா என்று தெரிய வேண்டும். செர்ரிப் பூ பிடிக்கும் என்ற செய்தியால் இருவருக்குமே பயன் இல்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதனுடனேயே போவோம். நான் பார்த்த பல விண்ணப்பங்களிலிருந்து சேர்த்துச் செய்த ஆள் இவர், பெயர் வேண்டாம். வயது 24. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு மெக்கானிக்கல் டிப்ளமோ. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. ஏப்ரல் சேர்க்கைக்குப் போக ஆசை.

அவர் எழுதிக்கொண்டு வந்த முதல் கடிதம் இப்படிப் போகிறது: சிறு வயதிலிருந்தே ஜப்பானியப் பண்பாட்டின் மேல் ஈர்ப்பு. அனிமே பார்த்து வளர்ந்தேன். ஜப்பானியரின் ஒழுக்கமும் நேரம் தவறாமையும் என்னைக் கவர்ந்தன. மொழிப் பள்ளியில் படித்து முடித்து, ஜப்பானிய நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்து, இரு நாடுகளுக்கும் பாலமாக இருப்பேன்.

தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்றும் ஒரு பத்தி இருந்தது. இது நம் ஊர் விண்ணப்பங்களில் அடிக்கடி வருகிறது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் அப்படி ஒரு கருத்தை முன்வைத்ததும், அதற்காகப் பல ஆண்டு உழைத்ததும் உண்மை. ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அந்தப் பத்தியைப் படிக்கும் ஆசிரியர் புன்னகைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார். அந்த இடத்தில் உங்களைப் பற்றி ஒரு வரி இருந்திருக்கலாம்.

கடிதத்தில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் பெயர் மாற்றி வேறு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுக்கவும் செய்கிறார்கள். அதைவிடப் பெரிய கோளாறு கடைசி வரியில் இருக்கிறது. மொழிப் பள்ளி முடித்ததும் பொறியாளர் வேலை என்கிறார். ஜப்பானில் பொறியாளராக வேலை செய்யும் விசாவுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும், அல்லது ஜப்பானிலேயே தொழிற்கல்லூரி முடித்திருக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் நீண்ட கால அனுபவம் வேண்டும். அனுபவம் என்றால் பொதுவாகப் பத்து ஆண்டு. நம் பாலிடெக்னிக் டிப்ளமோவைப் பட்டத்துக்குச் சமமாக அங்கே பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. மொழிப் பள்ளி எத்தனை நல்ல பள்ளியாக இருந்தாலும் அது தரும் சான்றிதழ் இந்தப் பள்ளத்தை நிரப்பாது. இது அதிகாரிக்குத் தெரியும், பள்ளிக்கும் தெரியும். எழுதியவருக்கு மட்டும்தான் தெரியவில்லை. அப்போது அதிகாரி மனதில் எழும் கேள்வி நியாயமானது: மேற்கொண்டு வழி என்ன என்று விசாரிக்காத ஆள் படிக்கத்தான் வருகிறாரா, அல்லது பகுதிநேர வேலைக்கு வருகிறாரா?

சரியான வழி இவருக்கு இருக்கிறது. ஏப்ரலில் சேர்ந்தால் மொழிப் பள்ளிப் படிப்பு இரண்டு ஆண்டு வரை போகலாம். அதற்குள் என்2 நிலையை எட்டி, செம்மோன் காக்கோ எனப்படும் தொழிற்கல்லூரியில் வாகனத் தொழில்நுட்பமோ இயந்திர வடிவமைப்போ இரண்டு ஆண்டு படித்தால், அதே துறையில் வேலை விசாவுக்குத் தகுதி வரும். மொத்தம் நான்கு ஆண்டு. இதை அப்பாவிடம் சொல்லும்போது வீட்டில் ஒரு சண்டை வரும், வரட்டும். நான்கு ஆண்டுச் செலவை யார் தருவது என்று இங்கேயே பேசி முடிக்காமல் போகிறவர்கள்தான் அங்கே தடுமாறுகிறார்கள். மாணவர் விசாவில், தனியாக அனுமதி வாங்கிக்கொண்டு, வாரம் 28 மணி நேரம்வரை வேலை பார்க்கலாம். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் அதில் ஒரு பகுதி தேறும். கல்விக் கட்டணத்தையும் அதிலேயே கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடிதத்திலும் அப்படி எழுதாதீர்கள்.

இரண்டாவது முறை அவர் எழுதிய கடிதம் ஆலையிலிருந்து தொடங்கியது. அவர் பார்க்கும் வேலையில் ஜப்பானியத் தாய் நிறுவனத்திலிருந்து ஆய்வுப் படிவங்கள் வருகின்றன. அவற்றின் ஆங்கில வடிவம் சில வாரம் தாமதமாகத்தான் கைக்குக் கிடைக்கிறது. ஜப்பானியப் பொறியாளர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை வந்து உற்பத்தி வரிசையைப் பார்க்கிறார்கள், மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேள்வி கேட்கிறார்கள். ஒரு பாகத்தில் கீறல் விழுந்ததற்கு இவருக்குத் தெரிந்த காரணம் நீளமானது. மொழிபெயர்ப்பில் அது இரண்டு வார்த்தையாகச் சுருங்கி அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. அன்றைக்குத்தான் புத்தகம் வாங்கினேன் என்று எழுதினார். அதன் பிறகு என்2, தொழிற்கல்லூரி, தரக்கட்டுப்பாட்டு வேலை என்று ஆண்டு வாரியாக. அனிமேயும் ஒரு வரியில் இருந்தது. எடுக்க வேண்டாம் என்றேன். காதுக்கு மொழி பழகியது அதில்தான் என்றால் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏன் இந்தியாவிலேயே படிக்கக் கூடாது என்ற கேள்விக்கும் கடிதத்தில் பதில் வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே வார இறுதியில் நான்கு மணி நேரம் படிப்பதற்கும், அங்கே வாரம் 20 பாடவேளை படிப்பதற்கும் உள்ள தூரத்தைச் சொன்னால் போதும். இங்கே படித்துப் பார்த்தவரால்தான் அதை நம்பும்படி எழுத முடியும். அதனால் இரண்டாவது தாளுக்கு வருவோம்.

பள்ளிகள் பொதுவாகக் கேட்பது இரண்டில் ஒன்று: ஏதாவது ஒரு நிறுவனத்தில் 150 மணி நேரம் ஜப்பானிய மொழி படித்ததற்கான சான்று, அல்லது என்5 அளவிலான தேர்வுச் சான்று. ஜே.எல்.பி.டி. அல்லாமல் நாட் டெஸ்ட், ஜே டெஸ்ட் போன்றவற்றையும் பல பள்ளிகள் ஏற்கின்றன. இதில் கவனிக்க வேண்டியது, நீங்களாக வீட்டில் படித்த நேரம் 150 மணி கணக்கில் சேராது என்பது. நோட்டில் 300 மணி நேரம் எழுதி வைத்திருந்தாலும் அதற்குக் கையெழுத்துப் போட யாரும் இல்லை. சொந்தமாகப் படித்தவருக்குத் தேர்வு ஒன்றுதான் சாட்சி.

இங்கேதான் சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். 40 மணி நேரம் போன வகுப்பில் 150 என்று எழுதி வாங்குகிறார்கள். தாள் கிடைக்கும், சந்தேகமில்லை. ஆனால் 150 மணி நேரம் படித்தவர் எதையெல்லாம் சொல்ல முடியும் என்பது நேர்காணல் செய்யும் ஆசிரியருக்கு மனப்பாடம். அதோடு, ஒருமுறை சி.ஓ.இ. மறுக்கப்பட்டால், அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது முன்பு விண்ணப்பித்ததைச் சொல்லியாக வேண்டும். பழைய கோப்பு அவர்களிடம் இருக்கும். அதில் இருக்கும் தேதியும் மணி நேரமும் புதிய தாளோடு இடித்தால், இரண்டாவது முறை நீங்கள் எழுதிய உண்மையும் எடுபடாது.

நாள்காட்டியையும் பார்த்துவிடுவோம். நம்மவர் ஏப்ரலில் சேர வேண்டும். பள்ளி அதற்கான மனுவை அதற்கு முந்தைய ஆண்டு நவம்பர், டிசம்பர் வாக்கில் குடிவரவு அலுவலகத்தில் கொடுக்கும். பள்ளி தன் சேர்க்கையை அதற்கும் முன்பே முடித்துவிடும். பள்ளிக்குப் பள்ளி தேதி மாறும் என்பதால் நேரே கேட்டுக்கொள்ளுங்கள். சி.ஓ.இ. முடிவு பிப்ரவரி கடைசியில் வரும். ஜே.எல்.பி.டி. இந்தியாவில் ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது, சென்னையிலும் மையம் உண்டு. டிசம்பரில் எழுதினால் முடிவு ஜனவரியில்தான் தெரியும், மனுவோடு வைக்க உதவாது. ஆகவே அவர் எழுத வேண்டியது ஜூலைத் தேர்வை. அதன் முடிவு ஆகஸ்ட் கடைசியில் வந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று 150 மணியைப் போட்டால் ஐந்து மாதம். வார இறுதியில் மட்டும் நான்கு மணி என்றால் ஒன்பது மாதம். வேலைக்குப் போகிறவருக்கு ஓவர்டைம் வரும், தங்கை கல்யாணம் வரும். எனவே, போக நினைக்கும் ஏப்ரலுக்கு ஒன்றரை ஆண்டு முன்னாலேயே புத்தகத்தைத் திறந்துவிட வேண்டும்.

என்5 தேர்வில் மொத்தம் 180 மதிப்பெண், 80 எடுத்தால் தேர்ச்சி. எழுத்து, சொல், இலக்கணம், வாசிப்பு எல்லாம் சேர்ந்து 120. அதில் குறைந்தது 38 வேண்டும். கேட்டல் 60, அதில் குறைந்தது 19. பேசுவதற்கோ கையால் எழுதுவதற்கோ இந்தத் தேர்வில் இடமே இல்லை. எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். அதனால் நல்ல மதிப்பெண்ணோடு வந்து நேர்காணலில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஏமாற்றவில்லை. தேர்வு கேட்காததை அவர்கள் பழகவில்லை, அவ்வளவுதான்.

சரி, அந்த மாதங்களில் என்ன நடக்கிறது? பெரும்பாலோர் கையில் இருப்பது மின்னா நோ நிஹொங்கோ. முதல் புத்தகத்தில் 25 பாடம். என்5 ஏறக்குறைய அந்த 25 பாடத்துக்குள் அடங்கிவிடும். முதல் கண்ணி, நம் எழுத்திலேயே இருக்கிறது. ஹிரகானா 46, கத்தகானா 46 என்றதும் மலைத்துப்போய் உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொள்கிறோம். தமிழில் ககரத்துக்கு ஓர் எழுத்துதான்; ஜப்பானியத்தில் அழுத்திச் சொல்லும் க வேறு, மென்மையான க வேறு. த வரிசையும் அப்படியே. தமிழ் நோட்டில் படித்தவர், வானிலைக்கும் மின்சாரத்துக்கும் உரிய இரண்டு சொற்களையும் ஒன்றாக்கிவிடுவார். மாதக்கணக்கில் அப்படிப் பழகிய காதைத் திருத்துவது பெரும்பாடு. மூன்று வாரம் கஷ்டப்பட்டு இரண்டு எழுத்து வரிசையையும் முடித்துவிட்டுத் தமிழ் நோட்டை மூடிவையுங்கள். இன்னொரு பக்கம் நமக்கு ஒரு சலுகையும் உண்டு. குறில் நெடில் வித்தியாசமும், இரட்டித்து வரும் மெய்யும் ஜப்பானியத்தில் பொருளையே மாற்றும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதைப் பிடிக்கத் திணறுவார்கள். நமக்கு அது பிறவியிலேயே வந்தது.

இலக்கணத்திலும் அப்படித்தான். வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, வேற்றுமை பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. அதனால் முதல் 13 பாடம் நமக்கு வேகமாக ஓடிவிடும். இவ்வளவுதானா என்று தோன்றும். 14-ஆம் பாடத்தில் தே வடிவம் வருகிறது. அங்கேதான் சொந்தமாகப் படிப்பவர்களில் பாதிப்பேர் நின்றுவிடுகிறார்கள். பொருளைப் பார்த்தால் அது நம் வினையெச்சம்தான். தபேத்தே மிரு என்றால் சாப்பிட்டுப் பார், ருசி பார்க்கும் அதே பொருளில். இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் புரிந்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்புகிறோம். ஆனால் வடிவம் அப்படி எளிதாக வராது. ககு என்பது கைத்தே ஆகும், யொமு யொன்தே ஆகும், கவு கத்தே ஆகும், ஹனசு ஹனஷித்தே ஆகும். (இப்போது நானே தமிழில் சொல்லி எழுத்துப் பிரச்சினையைக் காட்டிவிட்டேன்: யொன்தேயில் உள்ள தே மென்மையானது, மற்றவை வன்மையானவை.) புரிவதும், கேட்டவுடன் வாயில் வருவதும் இரண்டு வேறு வேலை. 17, 18, 19 என்று அடுத்தடுத்த பாடங்களில் எதிர்மறை வடிவம், அகராதி வடிவம், இறந்தகால வடிவம் என்று வந்து இதன் மேலேயே ஏறி நிற்கும். 14 ஆடினால் மேலே எல்லாம் ஆடும்.

எங்கே நிற்கிறோம் என்று நாமே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பாடத்தின் உரையாடலை, புத்தகத்தை மூடிவைத்து, ஒலிப்பதிவில் ஒவ்வொரு வரியாகக் கேட்டு ஹிரகானாவில் எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். நெடில் எங்கே விட்டுப்போகிறது, மென்மையும் வன்மையும் எங்கே மாறுகின்றன, எந்தத் தே வடிவம் காதில் விழவே இல்லை என்று தெரிந்துவிடும். நம்மவர் 18-ஆம் பாடத்தில் இருப்பதாகச் சொன்னார். இந்தச் சோதனையில் 12-ஆம் பாடம்வரைதான் பிழையில்லாமல் வந்தது. அவருக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் இரண்டாவது தாளில் எழுத வேண்டியது அப்போதுதான் அவருக்குக் கிடைத்தது.

அவர் எழுதியது இது: முதல் நான்கு மாதம் தனியாகப் படித்தேன், வாரத்துக்குச் சுமார் ஐந்து மணி நேரம். பிறகு வார இறுதி வகுப்பில் சேர்ந்தேன். இன்றுவரை வகுப்பில் 70 மணி நேரம். ஜூலையில் என்5 எழுதினேன், தேர்ச்சி பெற்றேன்; கேட்டல் பகுதியில் மதிப்பெண் குறைவு. 18 பாடம் படித்திருக்கிறேன், 14-க்குப் பிறகு உள்ளவற்றைப் படித்தால் புரியும், வேகமாகப் பேச வராது. காஞ்சி எழுத்துகள் 80 அளவுக்கு வாசிப்பேன், பாதிதான் எழுதத் தெரியும்.

அப்பா படித்துவிட்டு, குறையை நீயே சொன்னால் எப்படிச் சேர்ப்பார்கள் என்றாராம். பள்ளி இணையவழியில் நடத்திய நேர்காணலில் அதற்குப் பதில் கிடைத்தது. எல்லோரிடமும் கேட்கும் கேள்விகள் முதலில் வந்தன: பெயர் என்ன, எதற்கு ஜப்பான், செலவை யார் ஏற்கிறார்கள். இவற்றுக்கு எல்லோரும் மனப்பாடம் செய்துதான் வருவார்கள், அது ஆசிரியருக்கும் தெரியும். அதனால் நடுவில் திடீரென்று, இன்று காலை எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எழுந்து என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பஸ் ஏறி என்று தே வடிவத்தைக் கோத்துச் சொல்ல வேண்டிய இடம் அது. மனப்பாடம் மட்டும் செய்தவர் இந்தக் கேள்விக்குத் தன் எதிர்காலத் திட்டத்தைச் சொல்லத் தொடங்குவார். நம்மவர் இரண்டு இடத்தில் தவறாகச் சொன்னார், ஒரு இடத்தில் நிறுத்தி, மெதுவாக இன்னொரு முறை கேளுங்கள் என்று ஜப்பானியத்திலேயே கேட்டார். தாளில் எழுதியிருந்த ஆளும் திரையில் தெரிந்த ஆளும் ஒருவராகவே இருந்தார்கள். குடிவரவு அலுவலகத்துக்கு அந்தக் கோப்பை அனுப்ப ஆசிரியருக்குத் தயக்கம் இருக்கவில்லை.

மிகைப்படுத்தி எழுதி உள்ளே போய்விட்டாலும் முதல் வாரத்திலேயே வகுப்பு பிரிக்கும் தேர்வு வைப்பார்கள். தப்பித்தவறி மேல் வகுப்பில் விழுந்தால் அதன் பிறகுதான் கஷ்டம். அந்த வகுப்புகளில் சீன மாணவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் காஞ்சி எழுத்துகள் சிறுவயது முதலே பழக்கம், புதிய பாடத்தில் பொருளைக் கண்ணாலேயே பிடித்துவிடுவார்கள். வாசிப்பில் அவர்கள் வேகத்துக்கு வகுப்பு நகரும். நாம் இலக்கணத்தில் அவர்களை முந்தினாலும், பலகையில் எழுதியதைப் படிப்பதற்குள் பலகை அழிக்கப்பட்டிருக்கும். பள்ளியில் வருகைப்பதிவு குறைந்தால் விசாவை நீட்டிப்பதில் சிக்கல் வரும். பாடம் புரியாதவர்கள்தான் முதலில் வகுப்புக்கு மட்டம் போடுகிறார்கள்.

ஆகையால் மனு போன பிறகு கிடைக்கும் மாதங்களை வீணாக்காதீர்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரி கடைசிவரை செய்ய வேறு வேலை இல்லை, சி.ஓ.இ. வந்ததா என்று ஏஜென்ட்டுக்குப் போன் போடுவதால் அது சீக்கிரம் வந்துவிடப் போவதில்லை. நம்மவரிடம் இரண்டு வேலை சொன்னேன். 14-ஆம் பாடத்துக்குத் திரும்பிப் போய் 25-வரை காதால் கேட்டு எழுதி முடிப்பது ஒன்று. நாளைக்கு மூன்று காஞ்சி, வாசிக்க மட்டுமல்லாமல் கையால் எழுதவும் பழகுவது இன்னொன்று. இடையில் பள்ளியிலிருந்தோ குடிவரவு அலுவலகத்திலிருந்தோ விளக்கம் கேட்டு அழைப்பு வரலாம், செலவுக்குப் பொறுப்பேற்றவருக்கும் வரலாம். அதற்காக, அனுப்பிய தாள்கள் அத்தனைக்கும் ஒரு நகல் எடுத்து, அப்பா கையில் ஒன்று, அவர் கையில் ஒன்று என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். வங்கிக் கணக்கு பற்றிய கேள்விகளை இப்போது கேட்கலாம்.